'இஸின்ட் இட்' என்ற ஒட்டுவால்: தமிழ்ப் பேச்சின் வாலை ஆங்கிலத்தில் கழற்றுவது எப்படி?

ஆங்கிலத்தில் ஓரளவு பேச வந்துவிட்டது, ஆனாலும் கேட்பவர் முகத்தில் அவ்வப்போது ஒரு சின்னக் குழப்பம் ஓடி மறைகிறது. இந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பல நேரம் குழப்பத்துக்குக் காரணம் உங்கள் சொல்வளமோ உச்சரிப்போ இல்லை. வாக்கியம் முடிகிற இடம்தான் காரணம்.

தமிழில் பேசுகிறவரின் மனநிலை வாலில் தொங்கும். 'வர்றான்' என்பது வெறும் செய்தி. 'வர்றான்ல' என்றால் நீயும் ஒத்துக்கொள் என்று பொருள். 'வர்றானாம்' என்றால் சொன்னது நான் இல்லை, யாரோ. 'அவன்தான் வர்றான்' என்றால் வேறு யாரும் இல்லை, அவன். எல்லாமே ஓர் அசையில் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் இந்த வேலைகளுக்கு இப்படி ஒட்டுகிற வால் கிடையாது. ஒன்று துணைவினை செய்யும், ஒன்று வாக்கியத்தின் முன்பக்கம் வரும், ஒன்றைக் குரல் மட்டுமே செய்யும். நாமோ பழக்கத்தில் ஒவ்வொரு வாலுக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பிடித்து ஒட்டவைத்துவிட்டோம். '-ல்ல'வுக்கு 'இஸின்ட் இட்', '-ஆம்' விகுதிக்கு 'இட் சீம்ஸ்', 'தான்' என்பதற்கு 'ஒன்லி'.

முதலில் 'இஸின்ட் இட்'

நம் 'இல்லை' ஓர் அதிசயச் சொல். 'இல்லை, உண்டு, வேறு' ஆகியவை ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்று நன்னூலே சொல்கிறது. நான் இல்லை, நீ இல்லை, அவர்கள் இல்லை, எல்லாவற்றுக்கும் அதே சொல். அதனால் அதிலிருந்து பிறந்த 'இல்லையா'வும் மாறவே மாறாது. நேற்றுப் போனான் இல்லையா, நாளை போவார்கள் இல்லையா, நான் சொன்னேன் இல்லையா. இப்படிப் பேசிப் பழகிய ஆளை ஆங்கிலத்தில் உட்காரவைத்தால், மாறாத ஒரு வாலைத்தான் தேடுவார். கையில் கிடைத்தது 'இஸின்ட் இட்'.

ஆங்கில வால் எப்படி வேலை செய்கிறது என்று புரிய, நம் பழைய தமிழையே பாருங்கள். 'அல்ல' என்பதை இப்போது எல்லாவற்றுக்கும் போடுகிறோம். ஆனால் மரபு இலக்கணப்படி நான் அல்லேன், நீ அல்லை, அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், அது அன்று. 'நல்லவன் அவன், அல்லனா?' 'நல்லவள் அவள், அல்லளா?' என்று ஒருவர் பேசினால் எப்படி இருக்கும்? ஆங்கிலத்தின் வால் அப்படித்தான். எழுவாய் யார் என்று பார்த்து அதற்கேற்ப மாறும். அதோடு காலத்தையும் பார்க்கும்.

மாற்றாமல் விட்டால் என்ன ஆகும்? 'யுவர் ஃபாதர் இஸ் பெட்டர் நவ், இஸின்ட் இட்?' என்று நலம் விசாரிக்கிறீர்கள். ஆங்கிலக் காதுக்கு அந்த 'இட்' அஃறிணை. தமிழில் 'அப்பாவுக்கு இப்போ பரவாயில்லையா, அது?' என்று கேட்டதுபோல. பொருள் புரிந்துவிடும், சண்டைக்கெல்லாம் வரமாட்டார்கள். ஆனால் எந்த 'அது' என்று மனம் ஒரு நொடி தேடும்.

சரியான வாலை உருவாக்க இந்த வரிசையில் போங்கள்.

முதல் படி, வாக்கியத்தில் துணைவினை இருக்கிறதா என்று பார்ப்பது. இஸ், ஆர், வாஸ், வேர், கேன், வில், ஷுட், ஹேவ் போன்றவை. இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஷி கேன் டிரைவ்' என்றால் உங்களுக்கு வேண்டியது 'கேன்'.

துணைவினை இல்லாவிட்டால் இரண்டாம் படி. காலத்தைப் பார்த்து டூ, டஸ், டிட் மூன்றில் ஒன்றை வரவழைக்க வேண்டும். 'யூ நோ ஹிம்' என்பதற்கு 'டூ'. 'ஹி நோஸ் யூ' என்பதற்கு 'டஸ்'. 'தே லெஃப்ட் எஸ்டர்டே' என்பதற்கு 'டிட்'. நம்மில் பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். வாக்கியத்தில் இல்லாத ஒரு சொல்லை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கிறதே!

மூன்றாம் படி, திசையைத் திருப்புவது. வாக்கியம் உடன்பாடாக இருந்தால் வால் எதிர்மறை. வாக்கியம் எதிர்மறையாக இருந்தால் வால் உடன்பாடு. 'ஷி கேன் டிரைவ், கான்ட் ஷி?' 'ஷி கான்ட் டிரைவ், கேன் ஷி?' இரண்டாவது வகையை நாம் மறந்தே போகிறோம். காரணம், 'அவளுக்கு ஓட்டத் தெரியாது இல்லையா' என்று தமிழில் இரண்டு எதிர்மறையும் சேர்ந்தே நிற்கும்.

நான்காம் படி, எழுவாய்க்குரிய சுட்டுப்பெயர். அண்ணன் என்றால் ஹி, பிள்ளைகள் என்றால் தே, நீங்களும் நானும் என்றால் வி. பெயரையே திரும்பச் சொல்லக் கூடாது.

ஒன்றை ஓட்டிப் பார்ப்போம். 'உங்க தம்பி நேத்து கிளம்பிட்டான்ல?' ஆங்கிலத்தில் 'யுவர் பிரதர் லெஃப்ட் எஸ்டர்டே'. துணைவினை இல்லை. இறந்தகாலம், ஆகவே டிட். வாக்கியம் உடன்பாடு, ஆகவே டிடின்ட். தம்பி, ஆகவே ஹி. 'யுவர் பிரதர் லெஃப்ட் எஸ்டர்டே, டிடின்ட் ஹி?' தாளில் செய்தால் பத்து நொடி. பேச்சில் பத்து நொடி கிடைக்காது, அதற்கு ஒரு வழி பின்னால் சொல்கிறேன்.

சில பொறிகள் உண்டு. 'ஹேவ்' இரண்டு வேடம் போடும். 'ஷி ஹேஸ் ஃபினிஷ்ட்' என்பதில் அது துணைவினை, வால் 'ஹேஸின்ட் ஷி'. ஆனால் 'வி ஹேவ் டு கோ' என்பதில் அதுவே முக்கிய வினை, வால் 'டோன்ட் வி'. 'ஹீஸ்' என்று சுருங்கி வருவதிலும் கவனம் வேண்டும். 'ஹீஸ் டயர்ட்' என்பதில் உள்ளே ஒளிந்திருப்பது இஸ், 'ஹீஸ் கான் ஹோம்' என்பதில் ஒளிந்திருப்பது ஹேஸ். 'ஐ ஆம் லேட்' என்பதற்கு வால் 'ஆர்ன்ட் ஐ'. இது விதியை மீறியதுதான், ஆனால் அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். 'நோபடி கால்ட்' என்பதில் 'நாட்' இல்லாவிட்டாலும் பொருள் எதிர்மறை, எழுவாய் ஒருமை போலத் தெரிந்தாலும் சுட்டுப்பெயர் 'தே'. ஆகவே 'நோபடி கால்ட், டிட் தே?' கடைசியாக ஒன்று: 'ஐ திங்க் ஹி இஸ் பிஸி' என்று தொடங்கினால் வால் 'ஐ திங்க்' பக்கம் போகாது. உள்ளே இருக்கும் செய்திக்குத்தான் வால். 'இஸின்ட் ஹி?'

சொல்லைச் சரிசெய்தபின் குரல். நம் 'இல்லையா' பெரும்பாலும் மேலே ஏறி முடியும். ஆங்கிலத்தில் வால் ஏறினால் உண்மையாகவே தெரியாமல் கேட்கிறீர்கள் என்று பொருள். இறங்கினால், எனக்குத் தெரியும், நீங்களும் ஆமோதியுங்கள் என்று பொருள். 'இட்ஸ் ஹாட், இஸின்ட் இட்' என்று வெயிலில் நின்றுகொண்டு குரலை ஏற்றினால், சுடுகிறதா இல்லையா என்று உங்களுக்கே சந்தேகம் போலத் தொனிக்கும். (கவனித்தீர்களா? இங்கே 'இஸின்ட் இட்' சரியான வால். 'இட்ஸ்' என்று தொடங்கியதால் அதற்கு உரிமை உண்டு.)

இப்போது குறுக்குவழி. பேசும் வேகத்தில் நான்கு படியும் ஓடாது என்பது எனக்குத் தெரியும். அதுவரை 'ரைட்?' என்று முடியுங்கள். 'யூ நோ ஹிம், ரைட்?' 'தே லெஃப்ட், ரைட்?' ஆங்கிலத்திலும் மாறாத வால் ஒன்று இருக்கிறது, சாதாரணப் பேச்சில் யாரும் அதைத் தவறாக நினைப்பதில்லை. நம் 'இல்லையா' உட்கார அதுதான் சரியான இருக்கை. மாறாத வால் வைப்பது நம் மட்டமான பழக்கம் என்றும் நினைக்க வேண்டாம். பிரெஞ்சுக்காரர் 'நெஸ் பா' என்று ஒன்றையே எல்லாவற்றுக்கும் வைக்கிறார். லண்டன் தெருப் பேச்சில் 'இன்னிட்' என்பது இதே 'இஸின்ட் இட்'தான், எல்லா வாக்கியத்தின் பின்னாலும் ஒட்டும். இந்திய ஆங்கிலத்தில் நமக்குள் பேசும்போது 'இஸின்ட் இட்' ஒரு பணிவைக்கூடத் தருகிறது. ஆகவே நம்மவர்களிடையே அதை வேட்டையாட வேண்டியதில்லை. வெளியாட்களோடு பேசும்போதும், பேச்சுத் தேர்விலும், நேர்காணலிலும்தான் இந்தக் கவனம். அலுவல் கடிதத்தில் வாலே வேண்டாம், எந்த வாலும்.

'யெஸ்' சொல்லும் இடம்

'இஸின்ட் இட்' காதுக்குத்தான் உறுத்தல், அதனால் நஷ்டம் எதுவும் வராது. இது அப்படியில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு நடந்தது. தொலைபேசியில் ஒருவர், 'யூ ஹேவின்ட் சென்ட் தி ஃபைல்?' என்று கேட்டார். அனுப்பவில்லை. நான் 'யெஸ்' என்றேன். என் மனதில் ஓடியது 'ஆமாங்க, அனுப்பலை'. அவர் மனதில் விழுந்தது 'அனுப்பிவிட்டேன்'. நன்றி சொல்லி வைத்துவிட்டார். இரண்டு மணி நேரம் கழித்து, கோப்பு எங்கே என்று கேட்டு ஒரு கடுப்பான அழைப்பு வந்தது. என் ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடத் தவறில்லை, அதுதான் வேடிக்கை.

'சாப்பிடலையா?' என்றால் தமிழில் 'ஆமா, இன்னும் இல்லை' என்கிறோம். நம் 'ஆமா' கேட்டவரின் கூற்றை ஆமோதிக்கிறது. ஆங்கிலத்தின் 'யெஸ்' கேள்வியைப் பார்ப்பதே இல்லை, நடந்ததை மட்டும் பார்க்கிறது. செயல் நடந்திருந்தால் யெஸ், நடக்கவில்லை என்றால் நோ. கேள்வி எப்படி வந்தாலும் இதுவே விதி.

இதற்கு மருந்து எளிது. எதிர்மறையாக வரும் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லவே சொல்லாதீர்கள். 'நோ, ஐ ஹேவின்ட்.' 'யெஸ், ஐ ஹேவ்.' வினையும் சேர்ந்து வந்தால் முதல் சொல்லில் தடுமாறினாலும் பின்பாதி காப்பாற்றும். இரண்டு பாதியும் ஒரே பக்கம் சாய வேண்டும். 'யெஸ், ஐ ஹேவின்ட்' என்று உங்கள் வாயில் வந்தால், தமிழ் உள்ளே இருந்து பேசுகிறது என்று பிடித்துவிடலாம்.

இதே குடும்பத்தில் 'டூ யூ மைண்ட்' என்றொரு கேள்வி. 'டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?' என்று ஒருவர் கேட்க, நாம் தாராளமாக 'யெஸ், யெஸ்' என்கிறோம். அவர் கேட்டது 'உட்கார்ந்தால் உங்களுக்குத் தொந்தரவா?' என்று. 'ஆமாம், தொந்தரவுதான்' என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறோம். 'நோ, நாட் அட் ஆல்' என்பதே அனுமதி. வாயில் வரவில்லை என்றால் கையால் நாற்காலியைக் காட்டி 'பிளீஸ்' என்று சொல்லிவிடுங்கள், போதும்.

'-ஆம்' விகுதியும் 'இட் சீம்ஸ்' என்பதும்

'அவர் நாளைக்கு வரமாட்டாராம்.' இந்த '-ஆம்' எனக்கு மிகப் பிடித்த விகுதி. செய்தியைச் சொல்லிக்கொண்டே, 'பொறுப்பு என்னுடையது இல்லை' என்று கையையும் கழுவிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இதை 'ஹி இஸ் நாட் கமிங் டுமாரோ, இட் சீம்ஸ்' என்று சொல்லிவிடுகிறோம்.

சிக்கல் என்னவென்றால், ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்கு 'இட் சீம்ஸ்' என்பது 'எனக்கு அப்படித் தோன்றுகிறது'. அறிகுறிகளைப் பார்த்து நீங்களாக ஊகித்தீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் சொல்ல வந்தது வேறொருவர் சொன்னதை. போய்ச் சேர்ந்தது உங்கள் ஊகம். 'வொய் டூ யூ திங்க் ஸோ?' என்று எதிர்க்கேள்வி வந்தால் இந்த வால்தான் காரணம் என்று புரிந்துகொள்ளலாம். நாமோ திகைத்து, 'நான் நினைக்கலைங்க, அவரே சொன்னார்' என்று விளக்கப் போய், இன்னும் குழப்புவோம்.

திருத்த, வாலை அறுத்து, செய்தி எங்கிருந்து வந்தது என்பதை வாக்கியத்தின் தலையில் வையுங்கள். யார் சொன்னார் என்று தெரிந்தால் அவரையே சொல்லலாம்: 'ஹி செட் ஹி இஸின்ட் கமிங்.' காற்றுவாக்கில் வந்த செய்தி என்றால் 'ஐ ஹெர்ட் ஹி இஸின்ட் கமிங்', அல்லது 'அப்பாரன்ட்லி' என்று தொடங்கலாம். நம் '-ஆம்' விகுதிக்கு இன்னொரு முகமும் உண்டே, நக்கல்: 'இவர் பெரிய மேதையாம்!' அதற்கு 'சப்போஸ்ட்லி' பொருந்தும். 'ஹி இஸ் சப்போஸ்ட்லி எ ஜீனியஸ்.' நம்பவில்லை என்பது கேட்பவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே மேலதிகாரியைப் பற்றிப் பேசும்போது 'சப்போஸ்ட்லி' போடுவதற்கு முன் சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

'தான்' எல்லாம் 'ஒன்லி' இல்லை

'ஐ ஆம் ஹியர் ஒன்லி' என்றால் நமக்கு 'இங்கதான் இருக்கேன்'. இது சிரிப்போடு போய்விடும். 'ஹி ஒன்லி டோல்ட் மீ' என்பது அப்படிப் போகாது. நாம் நினைப்பது 'அவர்தான் என்கிட்ட சொன்னார்'. 'ஒன்லி' வினைக்கு முன்னால் உட்கார்ந்ததால் கேட்பவருக்கு 'அவர் சொன்னார், அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை' என்றோ 'என்னிடம் மட்டும் சொன்னார்' என்றோ போய்ச் சேரலாம்.

சோதனை ஒன்றே. மனதில் தமிழில் 'மட்டும்' போட்டுப் பாருங்கள். பொருந்தினால் 'ஒன்லி' இருக்கட்டும். 'தான்' மட்டுமே பொருந்தினால் எடுத்துவிட்டு, அந்தச் சொல்லைக் குரலில் அழுத்துங்கள். *ஹி* டோல்ட் மீ. எழுத்தில் குரல் வராது, அங்கே 'ஹி இஸ் தி ஒன் ஹூ டோல்ட் மீ' என்று விரித்துவிடலாம். 'இன்னைக்கே' என்பதற்கு நாம் போடும் 'டுடே இட்ஸெல்ஃப்' கதையும் இதுதான். பெரும்பாலும் 'டுடே' என்பதை அழுத்தினாலே போதும்.

ஒரு பேச்சை எடுத்துப் பழுது பார்ப்போம்

உடன் வேலை செய்பவரை அழைத்துச் சொல்கிறீர்கள்: 'யூ காட் மை மெயில், இஸின்ட் இட்? மேனேஜர் இஸ் ஆன் லீவ் டுமாரோ, இட் சீம்ஸ். ஹி ஒன்லி ஆஸ்க்ட் மீ டு டெல் யூ. வி ஹேவ் டு ஃபினிஷ் டுடே இட்ஸெல்ஃப், இஸின்ட் இட்?'

முதல் வாக்கியத்துக்கு விதிப்படி வால் 'டிடின்ட் யூ'. ஆனால் 'யூ காட் மை மெயில், டிடின்ட் யூ?' என்பதைக் குரலை இறக்கிச் சொல்லிப் பாருங்கள், வக்கீலின் குறுக்கு விசாரணை மாதிரி இருக்கும். இலக்கணம் சரி, இடம் சரியில்லை. உண்மையில் தெரியாமல் கேட்கிறீர்கள் என்றால் நேராகவே கேட்டுவிடுங்கள்: 'டிட் யூ கெட் மை மெயில்?' இரண்டாவதில், சொன்னது மேலாளரே என்று அடுத்த வாக்கியத்திலிருந்து தெரிகிறது. ஆகவே 'தி மேனேஜர் செட் ஹீஸ் ஆன் லீவ் டுமாரோ.' மூன்றாவதில் 'தான்' அவ்வளவு தேவையா? மேலாளர் பெயர் இப்போதுதான் வந்துபோனது, 'ஹி ஆஸ்க்ட் மீ டு டெல் யூ' என்றாலே போதும். நான்காவதில் 'ஹேவ் டு' என்ற பொறி இருக்கிறது. 'ஸோ வி ஹேவ் டு ஃபினிஷ் டுடே, டோன்ட் வி?' குரலை இறக்கி.

நான்கு வாக்கியத்தில் வால் தங்கியது ஒன்றில்தான். இதை நான் வேண்டுமென்று செய்யவில்லை. தமிழில் இயல்பாக வரும் அளவுக்கு ஆங்கிலத்தில் வால்கள் வருவதில்லை. எல்லா 'இஸின்ட் இட்'டையும் சரியான வாலாக மாற்றி அடுக்கினாலும் பேச்சு செயற்கையாகத்தான் இருக்கும். பாதியை வெட்டியே விடலாம்.

உங்கள் பேச்சில் எது அதிகம் என்று தெரிய, அடுத்த முறை ஆங்கிலத்தில் பேசும்போது உங்கள் பக்கப் பேச்சை மட்டும் கைபேசியில் இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். கேட்கும்போது வாக்கியங்களின் முடிவை மட்டும் எழுதுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். முதலில் 'யெஸ், நோ' பதில்களைச் சரிசெய்யுங்கள், ஆளை அலையவைப்பது அதுதான். அடுத்து 'இட் சீம்ஸ்'. 'ஒன்லி' மூன்றாவது. 'இஸின்ட் இட்' கடைசியில் வரட்டும். அதுவரைக்கும் 'ரைட்?' இருக்கவே இருக்கிறது.